ஆரோனுக்கு மருந்து வேலை செய்யுமா?

நம் மொழிக் கழகம் சென்ற ஆண்டு நடத்திய கலைச்சொல் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கணினி விளையாட்டுகளில் வரும் நாற்பது சொற்களுக்குத் தமிழ் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தேன். நான்கு இரவுகள் அகராதியும் கையுமாக உட்கார்ந்த உழைப்பு அது. பரிசாகக் கிடைத்த புத்தகப் பற்றுச்சீட்டைக் கொண்டு இரண்டு நாவல்கள் வாங்கினேன். அந்த நாற்பதில் ஒரு சொல் எங்கள் வீட்டு வரவேற்பறையில் என் கண் முன்னாலேயே தோற்றுப்போனது. அதைத் தோற்கடித்தவர்கள் என் அப்பாவும், படிவம் மூன்றில் படிக்கும் என் தங்கையும். அந்தத் தோல்வியைப் பற்றி எழுதத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். நான் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். தங்கை முதலாம் ஆண்டு சேரும்போது நாங்கள் தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். நடந்து போகிற தூரத்தில் தேசியப் பள்ளிதான் இருந்தது. அவள் அங்கேயே சேர்ந்தாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. அப்பா செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறார். தமிழும் மலாயும் நன்றாகத் தெரியும். ஆங்கிலம் சாலைப் பலகைகளோடு நின்றுவிடும். இந்த இருவருக்கும் நடுவே சில ஆண்டுகளாக நடந்த உரையாடல் எல்லாம் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்பா’, ‘கேட்டப் பூட்டிட்டியா’ என்ற அளவில்தான். சண்டை ஒன்றும் கிடையாது. பேசுவதற்கு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

தங்கைக்கு உயிர் ஃபைனல் ஃபேன்டசி. ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் 1987இல் தொடங்கிய விளையாட்டு வரிசை அது. ஒவ்வோர் எண்ணிட்ட பாகத்திலும் உலகம் புதிது, மனிதர்கள் புதிது. ஆனால் சில பொருள்களும் மந்திரங்களும் விதிகளும் பாகம் தாண்டித் தொடர்ந்து வரும். 2001இல் வந்த பத்தாம் பாகத்தின் புதுப்பித்த பதிப்பைத்தான், என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட பழைய பிளேஸ்டேஷனில் அவள் ஆடிக்கொண்டிருந்தாள். கதைச் சுருக்கம் இது. ஸ்பைரா என்ற உலகத்தைச் சின் என்ற பெரும் விலங்கு மீண்டும் மீண்டும் வந்து அழிக்கிறது. அதை வெல்லும் வழியைத் தேடி யூனா என்ற இளம்பெண் கோயில் கோயிலாக யாத்திரை போகிறாள். அவளுக்குத் துணையாகச் சில காவலர்கள். யாத்திரையின் முடிவில், பாழடைந்த ஸனார்கண்ட் நகரில், யூனலெஸ்கா என்ற அம்மையார் காத்திருக்கிறார். அவர் இறந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் காத்திருக்கிறார்.

அப்பா இதற்குள் எப்படி வந்தார் என்றால், எரிச்சலில் வந்தார். அந்த அம்மையாரோடு சண்டை தொடங்குவதற்கு முன் நீண்ட காட்சி ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக வழியில்லை. தோற்றால், முன்பு சேமித்த இடத்திலிருந்து தொடங்கி, அந்தக் காட்சியை முழுதாக மறுபடியும் பார்க்க வேண்டும். தங்கை அந்த வாரம் நான்கு முறை தோற்றாள். நான்காவது நாள், வேலை முடிந்து தேநீரோடு உட்கார்ந்த அப்பா தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, “இந்தம்மா இன்னும் பேசி முடிக்கலையா? திங்கக்கிழமையிலருந்து இதையேதான பேசுது!” என்றார்.

தங்கை சிரித்துவிட்டாள். “நான் தோத்துக்கிட்டே இருக்கேன்பா. தோத்தா திரும்ப முதல்லருந்து பேசும்.”

“ஏன் தோக்குற?”

இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டதே இல்லை. ‘யூடியூப்ல பாரு’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். ‘பாத்துட்டு ஆடறதுக்கு எதுக்கு ஆடணும்’ என்பது அவள் கொள்கை. அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டையில் ஒரு நேரத்தில் மூன்று பேர்தான் நிற்க முடியும். மொத்தம் ஏழு பேர். முறை வந்தவரை வெளியே அனுப்பி, வெளியே இருப்பவரில் யாரை வேண்டுமானாலும் உள்ளே கொண்டுவரலாம். அதனால் முறை வீணாகாது. இதை அப்பா உடனே பிடித்துக்கொண்டார். அடுத்து, சண்டை முடிந்ததும் கிடைக்கும் புள்ளிகளைப் பற்றிச் சொன்னாள். அந்தப் புள்ளிகளைக் கொண்டுதான் ஒவ்வொருவரையும் வலுப்படுத்த முடியும். ஆனால் அந்தச் சண்டையில் ஒரு முறையாவது ஏதாவது செய்து, முடிவில் விழாமல் இருப்பவருக்குத்தான் அவை கிடைக்கும். வெளியிலேயே நின்றவருக்கு ஒன்றும் இல்லை. செய்தவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் ஆளுக்கு முழுப் புள்ளி. பங்கு பிரிப்பது கிடையாது.

“பெரட்டு மாதிரி” என்றார் அப்பா.

தங்கைக்குப் பெரட்டு தெரியாது. தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாரும் களத்தில் வந்து நிற்பதையும், கிராணி பேர் எழுதுவதையும், வேலைக்கு இறங்கினால்தான் அன்றைக்குப் பேர் உண்டு என்பதையும் அப்பா விளக்கினார். “உங்க பாட்டி காய்ச்சலோட போயி நாலு மரமாவது சீவிட்டு வந்து படுக்கும். பேர் போயிடுமே.” தங்கை ஆட்டத்தில் செய்வதும் அதேதான். சண்டை முடியப்போகிற நேரத்தில் ஒவ்வொருவராக உள்ளே இழுத்து, ஒரு சின்ன வேலை செய்யவைத்து, வெளியே அனுப்புவாள். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘பேர் போடறது’. என் நாற்பது சொற்களில் இந்த உத்திக்குத் தமிழே இல்லை. இதற்கு ஒரு சொல் தேவை என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு அப்பா ஒரு குறுக்குக் கேள்வி கேட்டார். “மூணு பேரும் விழுந்துட்டா, வெளிய நாலு பேர் நிக்கிறாங்கல்ல, அவங்க வருவாங்களா?” வரமாட்டார்கள். நிற்கும் மூவரும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது; வெளியே எத்தனை பேர் முழு உடம்போடு நின்றாலும் பயனில்லை. “அது என்னம்மா நியாயம்?” என்றார் அப்பா. “நியாயம் இல்லப்பா, ரூல்” என்றாள் தங்கை. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் நான்கு முறை தோற்றதும் இதனால்தான்.

‘விழுவது’ என்று நான் எழுதுவதையும் கவனிக்க வேண்டும். உயிர்ப்புள்ளி சுழியமானால் அந்த ஆள் தரையில் சாய்ந்துவிடுவார். “செத்துட்டானா?” என்று அப்பா கேட்டபோது, “இல்லப்பா, விழுந்துட்டான். ஃபீனிக்ஸ் டவுன் போட்டா எழுந்துருவான்” என்றாள். டவுன் என்றால் என்ன என்று கேட்டார் அப்பா. கீழே விழுந்தவனுக்குப் போடுவதால் டவுன் என்றுதான் அவள் எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அப்படியென்றால் ஃபீனிக்ஸ் எதற்கு? சமையலறையிலிருந்து நான் சொன்னேன்: பறவையின் உடம்போடு ஒட்டியிருக்கும் மெல்லிய இறகுக்கும் ஆங்கிலத்தில் டவுன் என்றுதான் பெயர். சாம்பலிலிருந்து எழும் பறவையின் தூவி அது. ஜப்பானிய மூலத்தில் அது ஃபீனிக்ஸின் வால். தூவி என்ற சொல்லை எஸ்.டி.பி.எம். இலக்கியப் பாடத்தில் மனப்பாடம் செய்தபோது, இது என் வாழ்க்கையில் ஒருமுறையாவது பயன்படுமா என்று நினைத்ததுண்டு. பயன்பட்டுவிட்டது.

அந்த வெற்றிக் களிப்பில்தான் அடுத்த சொல்லையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கேதான் சறுக்கினேன்.

யூனலெஸ்காவுக்கு மூன்று உருவங்கள் உண்டு. முதல் உருவத்துக்கு 24,000 உயிர்ப்புள்ளி, இரண்டாவதற்கு 48,000, மூன்றாவதற்கு 60,000. முதலாவது அவ்வளவு தொல்லையில்லை; ஆயுதத்தால் அடித்தால் கண்ணைக் குருடாக்கும், மந்திரம் போட்டால் வாயை அடைக்கும், சமாளித்துவிடலாம். இரண்டாம் உருவத்தில் ஹெல்பைட்டர் என்று ஒரு தாக்குதல் வரும். அது மூவரையும் ஸோம்பி என்ற நிலைக்குக் கொண்டுபோய்விடும். பிறகு அந்த அம்மையார் நம் ஆட்கள் மீதே குணப்படுத்தும் மந்திரத்தைப் போடுவார். “நம்ம மேல எதுக்கு மருந்து போடுது?” என்று அப்பா கேட்டார். தங்கைக்குச் சரியான தமிழ் கிடைக்கவில்லை; “ஸோம்பின்னா...” என்று இழுத்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “நடைப்பிணம்ப்பா” என்றேன். என் பட்டியலில் பதினேழாவது சொல். நடுவர் தனியாகப் பாராட்டிய சொல்.

அப்பா தலையை ஆட்டினார். செத்தும் நடக்கிறவன். சரி. செத்தவனுக்கு மருந்து கொடுத்தால் கேடு. அதுவும் சரி. நான் திரும்பிப் போகுமுன் அடுத்த கேள்வி வந்தது. “அப்ப இந்தச் சிவப்புச் சட்டைக்காரர்? அவரும் செத்தவருன்னு நேத்துச் சொன்னியே. அவருக்கும் மருந்து போட்டா கேடுதான?”

சிவப்புச் சட்டைக்காரர் ஆரோன். யூனாவின் காவலர்களில் மூத்தவர். இறந்தவர்களைக் காணக்கூடிய ஃபார்ப்ளேன் என்ற இடத்துக்குப் போகும்போது அவர் உள்ளே வர மறுத்து வாசலிலேயே நின்றுவிடுவார். அதைப் பார்த்தே அவர் எப்போதோ இறந்தவர் என்று தங்கை கணித்து வைத்திருந்தாள். அவள் கணிப்பு சரி. ஆனால் ஆரோனுக்கு மருந்து கொடுத்தால் மற்ற எல்லாரையும் போலவே நன்றாகக் குணமாகும்.

“இல்லப்பா, அவருக்கு மருந்து வேலை செய்யும்” என்றாள்.

“அவரும் நடைப்பிணம்தானம்மா? செத்துட்டாரு, நடக்கிறாரு.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் பதில் இல்லை. சொல் அழகான சொல். அதை வைத்துக்கொண்டு அப்பா சரியாகவே யோசித்தார். தவறான முடிவுக்கு வந்தார். ஆங்கிலத்தில் ஸோம்பி என்று கேட்கிறபோது தங்கைக்கு அது ஒரு நிலையின் பெயர். நடைப்பிணம் என்று கேட்கிறபோது அப்பாவுக்கு அது ஒரு மனிதனின் வரலாறு. இரண்டும் வேறு என்பதை என் நான்கு இரவு உழைப்பு கவனிக்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு தங்கை சொன்னதை முடிந்தவரை அவள் சொற்களிலேயே தருகிறேன். “அப்பா, இதுல செத்துப்போறது மூணு வகை. ஒண்ணு, சண்டையில விழறது. அது சாவே இல்ல, இறகு போட்டா எழுந்துருவாங்க. ரெண்டு, ஸோம்பி. அது வியாதி மாதிரி. உயிரோட இருக்கிறவங்களுக்கும் வரும். வந்தா எல்லாம் தலைகீழ். நல்லதாக்குறது எல்லாம் கெடுதல் பண்ணும். ஹோலி வாட்டர் போட்டா போயிரும். மூணாவதுதான் நெஜமா செத்தது. அது கதையில வரும். அதுக்கும் மருந்துக்கும் சம்பந்தம் இல்ல.”

இரண்டாவது வகைக்கு அப்பா சான்று கேட்டார். லோரிக்காரர் புத்தி, கேட்டதை நம்பமாட்டார், திறந்து பார்ப்பார். கொஞ்சம் முன்பு ஆட்டத்தில் ஒரு பறக்கும் பாம்பை வென்றிருந்தாள். அதே பாம்பு பிறகு ஒரு நீரடிப் பாதையில், செத்த உடலோடு, நிரந்தர ஸோம்பியாகத் திரும்பி வரும். அதனோடு நீண்ட நேரம் போராட வேண்டியதே இல்லை. விழுந்தவரை எழுப்பும் அந்த ஃபீனிக்ஸ் தூவியை எடுத்து அதன் மீது இரண்டு முறை வீசினால் போதும், செத்துவிடும். எழுப்புகிற பொருள் அங்கே கொல்கிறது. இந்த விதி அந்த வரிசையின் வேறு பாகங்களிலும் உண்டு. சேமித்து வைத்திருந்த பழைய ஆட்டத்தைத் திறந்து அதை அப்பாவுக்குச் செய்தே காட்டினாள். அப்பா “ஆ!” என்றார். அந்த ‘ஆ’ லோரியின் எஞ்சினில் கோளாறைக் கண்டுபிடிக்கும்போது மட்டும் வருவது.

மூன்றாவது வகைதான் அன்றைய மாலையை நீளச் செய்தது. ஸ்பைராவில் ஒருவர் இறந்தால் அவரை முறையாக அனுப்பி வைக்க வேண்டும். யூனா போன்றவர்கள் ஒரு நடனம் ஆடி அனுப்புவார்கள். அனுப்பாவிட்டால், இறந்தவர் உயிரோடு இருப்பவர்கள்மேல் பொறாமை கொண்டு, நாளடைவில் கொடிய விலங்காக மாறிவிடுவார். மனவலிமை மிகுந்த சிலர் மட்டும் மனித உருவிலேயே தங்கிவிடுவார்கள். ஆரோன் அப்படித் தங்கியவர். யூனலெஸ்காவும் அப்படித்தான். “அனுப்பாதவங்க” என்றாள் தங்கை. ஆங்கிலத்தில் இருப்பதைத்தான் சொன்னாள். ஆனால் அப்பாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

“நம்மகிட்டயும் உண்டே” என்றார்.

பாட்டி இறந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாசலிலிருந்து வண்டி புறப்பட்டதோடு தங்கைக்குப் பாட்டி முடிந்துபோனார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. “பாட்டிய எப்படிப்பா அனுப்புனீங்க?” என்று அவள் கேட்டாள். ஆட்டம் திரையில் நின்றுகொண்டிருந்தது. அப்பா சொன்னார். தாய்க்குக் கடைசி மகன் என்பதால் அவர்தான் குடம் சுமந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை போடுவார்கள். மூன்று சுற்று முடிந்ததும் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். மறுநாள் போய் எலும்பு பொறுக்கிப் பால் தெளித்தார்கள். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். “திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. நான் பாத்துட்டேன்” என்றார் அப்பா. இது எனக்கும் புதுச் செய்தி. நான் அவருக்குப் பத்தடி பின்னால்தான் நின்றிருந்தேன்.

அதை அதற்கு மேல் யாரும் நீட்டவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரி, இந்தம்மாவ எப்படி அனுப்புறது, அதச் சொல்லு” என்று திரைக்குத் திரும்பினார்.

நான்கு தோல்விகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். தங்கை சொன்னாள். ஹெல்பைட்டர் வந்து மூவரும் ஸோம்பி ஆனதும், ஹோலி வாட்டர் போட்டு மூவரையும் சரிசெய்துவிடுவாள். உடனே உயிர்ப்புள்ளியையும் நிரப்பிவிடுவாள். இரண்டாம் உருவத்துக்கு இது போதும். சுத்தமான மூன்று பேர், நிறைந்த உயிர்ப்புள்ளி, வெற்றி. அடுத்து மூன்றாம் உருவம் எழும். மெகா டெத் என்று ஒரு தாக்குதல். மூவரும் விழுந்துவிடுவார்கள். வெளியே நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, ஆட்டம் முடிந்துவிடும். அவளைப் பொறுத்தவரை அது அதிர்ஷ்டம். சில சமயம் தப்பிக்கலாம் என்று நம்பினாள்.

“ஏன் அப்படி நெனைக்கிற? யாராச்சும் தப்பிச்சாங்களா?”

“ரெண்டாவது தடவை வாக்கா மட்டும் நின்னான். அப்புறம் தனியா அடி வாங்கிச் செத்துட்டான்.”

“அவன் மட்டும் ஏன் நின்னான்? மத்த ரெண்டு பேருக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?”

“ஒண்ணும் இல்லப்பா. லக்தான். அப்ப ஹோலி வாட்டர் வேற முடிஞ்சுபோச்சு, அவனுக்குப் போடவே—”

அவள் நிறுத்திவிட்டாள். வாக்கியம் அப்படியே தொங்கியது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. பிறகு “அப்பா!” என்று கத்தினாள், பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து பார்த்தார்.

விதி அதுதான். மெகா டெத் உயிரோடு இருப்பவரைத்தான் வீழ்த்தும். ஸோம்பி நிலையில் இருப்பவரைத் தொடாது. எல்லாம் தலைகீழான நிலைக்கு அதுவும் தலைகீழ். அவள் நல்ல ஆட்டக்காரி என்பதாலேயே தோற்றுக்கொண்டிருந்தாள். நோய் வந்தால் உடனே நீக்கு என்பது அதுவரை முப்பது மணி நேரமாக அந்த ஆட்டம் அவளுக்குக் கற்பித்த பழக்கம். இந்த ஒரே சண்டையில் அந்த நோய்தான் கவசம். நீக்கினால் சாவு. நீக்காவிட்டால் மருந்து ஏறாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

வழியை இருவரும் சேர்ந்து வரவேற்பறைத் தரையில் சீட்டுக்கட்டைப் பரப்பிப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று சீட்டு உள்ளே, நான்கு வெளியே. ஸோம்பி என்றால் சீட்டைக் கவிழ்த்து வைப்பது. இரண்டாம் உருவம் சாகும் தறுவாயில் குறைந்தது இருவர் கவிழ்ந்த நிலையில் இருக்க வேண்டும். யாருக்காவது உயிர்ப்புள்ளி குறைந்தால், அந்த ஒருவருக்கு மட்டும் ஹோலி வாட்டர் போட்டு, மருந்து கொடுத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். அடுத்த ஹெல்பைட்டர் வந்து அவரை மறுபடியும் கவிழ்க்கும். அதுவரை மற்ற இருவர் தாங்குவார்கள். நடுவில் மெகா டெத் வந்தால் அந்த ஒருவர் விழுவார்; தூவி போட்டு எழுப்பிக்கொள்ளலாம். மூவரையும் ஒரே நேரத்தில் சுத்தமாக்குவது மட்டும் கூடாது. வெளியிலிருந்து புதிதாக உள்ளே வருபவர் சுத்தமானவர், அதாவது பாதுகாப்பில்லாதவர். அதனால் ஒரே நேரத்தில் இருவரை மாற்றக்கூடாது என்று அப்பா ஓர் உபவிதி சேர்த்தார்.

அன்றிரவு மறுபடியும் அந்த நீண்ட காட்சி ஓடியது. அப்பா இந்த முறை கவனமாகப் பார்த்தார். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. மெகா டெத் இரண்டு முறை வந்தது. ஒரு முறை யூனா மட்டும் விழுந்தாள், எழுப்பினார்கள். வென்றுவிட்டார்கள்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கழகத்தில் சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பரிசு கொடுத்தவர்களும் அவர்களுள் இருக்கலாம்.

அந்த மாலை என் தங்கை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தமிழில் பேசினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகத் தமிழில் விளக்கிப் பேசி நான் கேட்டதில்லை. ‘இப்படி இருந்தா அப்படி ஆகும்’, ‘இதுக்கு மட்டும் விதிவிலக்கு’, ‘இது அதால இல்ல, வேறொண்ணால’ என்று நிபந்தனையும் காரணமும் விலக்கும் கலந்த வாக்கியங்கள். தமிழ்ப்பள்ளியில் இவற்றை எங்களுக்கு இலக்கணமாகக் கற்பித்தார்கள். அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை. பெயர்ச்சொற்களில் பாதி ஆங்கிலம். வினைச்சொற்கள் எல்லாம் தமிழ். ஸோம்பியைத் தமிழாக்காமல் விட்டபோதுதான் ஸோம்பி என்றால் என்ன என்பது அப்பாவுக்கு விளங்கியது. தமிழாக்கிய சொல் விளக்கத்துக்கு இருந்த தேவையையே மறைத்துவிட்டது. ‘தெரிந்த சொல்தானே’ என்று இருவரும் நின்றுவிட்டார்கள். கலைச்சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே தூவியை விடமாட்டேன். ஆனால் ஒரு சொல்லைப் பட்டியலில் சேர்க்கும் முன், அதன் விதியைத் தெரியாத ஒருவருக்கு நாலு வாக்கியத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் கேட்கும் இரண்டாவது கேள்விக்கும் அந்தச் சொல் தாங்க வேண்டும். இந்த ஆண்டுப் போட்டியிலாவது சொல்லோடு விளக்கத்தையும் கேட்கலாம், விளக்கத்துக்கே பாதி மதிப்பெண் தரலாம் என்று செயற்குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. தேசியப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாம் நடத்தும் தமிழ் முகாம்களில் மூன்று முறை உதவியாளராக இருந்திருக்கிறேன். அங்கே எப்போதும் தெரிந்தவர் நாம், தெரியாதவர் அந்தப் பிள்ளை. திருக்குறள், பழமொழி, பொங்கல் வைக்கும் முறை என்று நமக்குத் தெரிந்ததை அவர்கள் தலையில் வைக்கிறோம். அவர்கள் ‘ஆமாம் அண்ணா’, ‘சரி அக்கா’ என்ற இரண்டு வாக்கியங்களில் முகாமை முடித்துக்கொள்கிறார்கள். தங்கையும் ஒரு முறை அப்படி வந்து அப்படியே திரும்பினாள். அன்று அப்பாவிடம் அவள் பேசியதற்குக் காரணம் அவளுக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு உண்மையாகவே ஆசை இருந்தது என்பதுதான். பாட்டியைப் பற்றிக் கேட்க அவளுக்கு வழி கிடைத்ததும் அதனால்தான். குடத்தில் எத்தனை துளை என்பதை நாம் முகாமில் பண்பாட்டுப் பாடமாக வைத்திருந்தால் அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விளையாட்டால் படிப்பு கெடும் என்று இதைப் படிக்கும் மூத்தவர்கள் சொல்லலாம். அவளுடைய கணக்கு மதிப்பெண் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது; அம்மா அந்தப் பெட்டியை வார நாள்களில் அலமாரியில் பூட்டிவிட்டார். நானும் அதை ஆதரிக்கிறேன். சனிக்கிழமை மாலை மட்டும் திறப்பார்கள். அப்பா சனிக்கிழமை ஓட்டத்தை மதியத்தோடு முடித்துக்கொள்கிறார்.

மூன்று வாரத்துக்குப் பிறகு கடைசிச் சண்டை வந்தது. யூ யெவன் என்ற அந்த எதிரிக்கு உயிர்ப்புள்ளி 99,999. நாம் அடிக்க அடிக்க அது தன்னையே மந்திரத்தால் குணப்படுத்திக்கொள்ளும். ஒரு முறைக்கு 9,999. தங்கை அடித்துக்கொண்டே இருந்தாள். அப்பா சிறிது நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “அவன்தான் தானா மருந்து சாப்புடுறானே. அந்த வியாதிய அவனுக்குக் குடுக்க முடியுமா?”

முடியும். எதிரியை ஸோம்பி ஆக்கும் அடி ஒன்று ஆட்டத்தில் உண்டு. தங்கை திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு அதைச் செய்தாள். யூ யெவன் தன்மேல் மருந்து போட்டுக்கொண்டது. 9,999 குறைந்தது. மறுபடியும் போட்டுக்கொண்டது. இருவரும் சோபாவில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

முடிவில் யூனா நடனமாடி, தங்கியிருந்தவர்களை எல்லாம் அனுப்பி வைக்கிறாள். ஆரோன் நண்பர்களைக் கடந்து நடந்துபோய், ஒளித்துகள்களாகக் கரைந்து மறைகிறார். அப்பா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் கேட்டார்.

“அவருக்கு இன்னிக்குப் பேர் உண்டாம்மா?”

“உண்டுப்பா” என்றாள் தங்கை. “கடைசிச் சண்டையில நாலு அடி அடிச்சாரே.”